மெயிலில் Send அழுத்தும் முன் கடைசியாக எதைப் பார்ப்பது? (கடற்பாசி விலைக் கடிதம், இன்று சாயங்காலம் போக வேண்டும்)

பாசிக்கூடம்_மண்டபம்:
வணக்கம். மண்டபம் பக்கம் பெண்கள் குழுக்கள் சேர்ந்து கடலில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிற பாசிக்கு நான்தான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் இந்தியாவில், ஒருவர் வெளிநாட்டில். சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கும் மெயில் போக வேண்டும். எழுதிவிட்டேன், அனுப்பவில்லை. எங்கள் செயலாளர் அக்கா, "யாராவது விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு அனுப்பு" என்றார்கள்.

மெயில் ஆங்கிலத்தில் இருக்கிறது. இங்கே தமிழில் போடுகிறேன். விலையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

"மதிப்புக்குரிய ஐயா, நேற்றுப் பேசியபடி எங்கள் குழுக்களிடம் 40 மிதவைகள் அறுவடைக்குத் தயார். மிதவைக்கு 240 கிலோ வீதம் மொத்தம் 9,600 கிலோ. கிலோ 70 ரூபாய் வீதம் மொத்தம் ரூ. 6,27,000. விலைப்பட்டியல், ஈரப்பத அறிக்கை, படங்கள் இணைப்பில் உள்ளன. உடனடியாக முன்பணம் அனுப்பவும். தாமதித்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்."

எழுத்துப்பிழை பார்த்துவிட்டேன். வேறு என்ன பார்க்கணும்?

தொண்டிப்பையன்:
இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் அக்கா. ஜிமெயிலில் Undo Send இருக்கிறது. அனுப்பிவிட்டுத் தப்பு தெரிந்தால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கணக்கர்_ராம்நாடு:
தம்பி, அது திரும்ப இழுப்பது இல்லை. நீங்கள் Send அழுத்திய பிறகு ஜிமெயில் சில விநாடி மெயிலைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தானாக இருப்பது 5 விநாடி. செட்டிங்ஸில் 10, 20, 30 என்று கூட்டலாம், 30க்கு மேல் கிடையாது. அந்த நேரம் போனால் மெயிலும் போனதுதான். 30 என்று வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் கூட்டல் கணக்குச் சரிபார்க்க அந்த 30 விநாடி போதாது.

சரி, தங்கச்சி, உங்கள் மெயிலுக்கு வருகிறேன். 9,600ஐ 70ஆல் பெருக்கிப் பாருங்கள். 6,72,000 வருகிறது. நீங்கள் போட்டிருப்பது 6,27,000. ஏழும் இரண்டும் இடம் மாறிவிட்டன.

பாசிக்கூடம்_மண்டபம்:
ஐயோ. எக்செலில் சரியாகத்தான் இருக்கிறது அண்ணே. மெயிலில் கையால் அடித்தபோது மாறியிருக்கிறது.

கணக்கர்_ராம்நாடு:
அங்கேதான் மாறும். எக்செலில் இருக்கிற எண்ணை மெயிலில் மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது, காப்பி எடுத்து ஒட்ட வேண்டும். கணக்குப்பிள்ளைகள் பழைய காலத்திலிருந்து பார்க்கிற வழி ஒன்று உண்டு. இரண்டு இடத்தில் தொகை ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். இங்கே வித்தியாசம் 45,000. 9ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 5,000. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும்.

தொண்டிப்பையன்:
அப்படியென்றால் 9ஆல் வகுபட்டாலே இலக்கம் மாறியிருக்கிறது என்று முடிவு செய்துவிடலாம், சூப்பர்.

கணக்கர்_ராம்நாடு:
அதுவும் இல்லை தம்பி. ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும். 700க்குப் பதில் 70 என்று போட்டால் வித்தியாசம் 630, அதுவும் 9ஆல் போகும். எந்த இடத்தில் தேடுவது என்பதற்கு அது ஒரு துப்பு, அவ்வளவே. 9ஆல் வகுபடவில்லை என்றால் இலக்கம் இடம் மாறியது மட்டுமே காரணம் இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கம்தான் அது உறுதி.

வடக்குக்கடல்:
நீங்கள் எல்லாரும் பெருக்கலைப் பார்க்கிறீர்கள். நான் பாசி வளர்க்கிறவள். எனக்கு உறுத்துவது வேறு.

தங்கச்சி, அந்த 240 கிலோ ஈரப்பாசிதானே? கிலோ 70 என்பது காய்ந்த பாசிக்கு வைத்த விலைதானே?

பாசிக்கூடம்_மண்டபம்:
ஆமாம் அக்கா. 70 காய்ந்த பாசிக்குத்தான். 240 மிதவையிலிருந்து எடுக்கும்போது உள்ள எடை.

வடக்குக்கடல்:
அப்போ கணக்கே தலைகீழ். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும், கூடக்குறைய. அதுவும் 240 முழுக்க விற்பனைக்கு வராது. அடுத்த நடவுக்கு விதைப்பாசி எடுத்து வைக்கணும். நாங்கள் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைக்கு 60 கிலோ கட்டுகிறோம். நீங்களும் அப்படித்தானே?

பாசிக்கூடம்_மண்டபம்:
நாங்களும் 60தான்.

வடக்குக்கடல்:
40 மிதவைக்கு விதை மட்டும் 2,400 கிலோ. 9,600இல் அதைக் கழித்தால் 7,200. காய்ந்தால் 720 கிலோ. அதை 70ஆல் பெருக்கினால் 50,400 ரூபாய். நீங்கள் எழுதியிருப்பது ஆறேகால் லட்சத்துக்கு மேல்.

இன்னொன்று. மிதவைக்கு 240 என்பது 45 நாள் நன்றாக வளர்ந்தால் வருவது. நாற்பது மிதவையும் அப்படி நிற்காது. அடியில் வலை கிழிந்தால் ஓரா மீன் வந்து நுனியைக் கடித்துப் போட்டுவிடும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் வடக்குக் கடலில் மிதவை நிற்பதே பெரிது. போன அறுவடையில் உண்மையில் எடை போட்டது எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துப் போடுங்கள்.

கணக்கர்_ராம்நாடு:
இது நான் பார்க்கத் தவறியது. நான் பெருக்கலை மட்டும் சரி செய்து 6,72,000 என்று போட்டு அனுப்பச் சொல்லியிருப்பேன். தொகை எக்செலோடு ஒத்துப்போகும், ஆனால் மெயில் மொத்தமும் தவறு. அலகு எழுதாத எண் இருந்தால் இப்படித்தான். "9,600 கிலோ" என்று இருக்கிறதே தவிர எந்த நிலையில் 9,600 என்று இல்லை. வாங்குகிறவர் காய்ந்த பாசி என்றுதான் படிப்பார். பத்து டன் லாரி பேசிவிட்டு வந்து நிற்பார், இங்கே 720 கிலோ மூட்டை இருக்கும்.

அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் இது எதனுடைய எடை, எதனுடைய விலை என்று கேளுங்கள். "காய்ந்த பாசி, சுமார் 720 கிலோ" என்று எழுதுங்கள். ஈரப்பதம் இத்தனை சதவீதத்துக்குள் என்ற விலையா என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். பாசிக்கு விலை பேசுவதே ஈரப்பதத்தை வைத்துத்தான்.

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு:
மெயில் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். படகு எஞ்சினுக்கு மானியம் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். ஆர்சி புக், பேங்க் புத்தகம், ஆதார் எல்லாம் படம் எடுத்து வைத்தேன். பதிலே இல்லை. கேட்டால் "உங்கள் மெயிலில் ஒன்றும் திறக்கவில்லை" என்கிறார்கள். என் போனில் திறக்கிறது. யார்மேல் தப்பு? மானியம் யாரிடம் கேட்கணும்?

தொண்டிப்பையன்:
அண்ணே, இங்கே பேசுவது மானியம் பற்றி இல்லை. 🙂

கீழக்கரை_காக்கா:
இரு தம்பி, அவர் கேட்டதும் இதில் சேர்ந்ததுதான். நான் துபாயில் கப்பல் டாகுமெண்ட் வேலை. தினம் பார்க்கிற கதை இது.

ஜிமெயிலில் இணைப்பு மொத்தம் 25 எம்பி வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் கோப்பைக் கூகிள் டிரைவில் போட்டு, மெயிலில் லிங்க்கை மட்டும் வைத்துவிடும். இப்போதைய போனில் எடுத்த படம் ஒன்றே நாலைந்து எம்பி இருக்கும், ஆறேழு படம் போட்டால் எல்லை தாண்டிவிடும். அந்த லிங்க்கைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்றால், உங்கள் போனில் திறக்கும், அவர்கள் கணினியில் "அனுமதி கேள்" என்று ஒரு பக்கம்தான் வரும். அண்ணே, Sent பெட்டியில் போய்ப் பாருங்கள். கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் டிரைவ் அடையாளத்தோடு லிங்க் இருந்தால் இதுதான் காரணம்.

தங்கச்சிக்கும் இதே எச்சரிக்கை, படங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. இன்னொன்றும் உண்டு. உங்கள் பக்கம் 25 எம்பி ஏற்றுக்கொண்டாலும் வாங்குகிறவர் கம்பெனி சர்வர் அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கவும் செய்யும், அது அனுப்பப்படும் முறை அப்படி. அதனால் மொத்தம் ஐந்து எம்பிக்குள் அடக்கிவிடுங்கள். நாலு படத்தைச் சிறிதாக்கி ஒரே பிடிஎஃப் ஆக்கினால் வேலை முடிந்தது.

பாசிக்கூடம்_மண்டபம்:
படம் ஏழு இருக்கிறது காக்கா, சின்னதாக்கிவிடுகிறேன். விலைப்பட்டியல் எக்செல் கோப்பாகவே இணைத்திருக்கிறேன். அதுவும் பிடிஎஃப் ஆக்கணுமா?

கீழக்கரை_காக்கா:
அந்த எக்செலில் இன்னும் எத்தனை தாள் இருக்கிறது? மூங்கில், கயிறு, கூலி, எங்களுக்கு அடக்க விலை என்ன என்று கணக்குப் போட்ட தாள் ஏதாவது?

பாசிக்கூடம்_மண்டபம்:
இருக்கிறது. ஆனால் அதை மறைத்து வைத்திருக்கிறேன், hide போட்டு.

கீழக்கரை_காக்கா:
மறைத்த தாளை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கீழே தாளின் பெயர்மேல் வலது பக்கம் அழுத்தினால் Unhide என்று வரும். உங்கள் அடக்க விலை அவர் கைக்குப் போய்விடும், அப்புறம் பேரமே கிடையாது. விலைத்தாளை மட்டும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்புங்கள்.

அந்தப் பிடிஎஃபையும் ஒருமுறை பிரௌசரில் திறந்து பாருங்கள். மேலே டேபில் ஒரு தலைப்புத் தெரியும். பழைய கோப்பைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தினால், உள்ளே எல்லாம் மாறியிருந்தாலும் தலைப்பில் போன வருஷம் யாருக்குச் செய்ததோ அவர் கம்பெனி பெயர் நிற்கும். நான் இதை வாங்குகிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வந்த விலைப்பட்டியலின் தலையில் எங்கள் போட்டிக்காரர் பெயர்.

கணக்கர்_ராம்நாடு:
இணைப்பில் நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மெயிலில் இணைத்த பிறகு கணினியில் இருக்கிற கோப்பைத் திருத்தினால், மெயிலில் இருப்பது திருந்தாது. இணைத்த நொடியில் எடுத்த நகல் அது. இப்போது நீங்கள் எக்செலில் 720 என்று மாற்றப் போகிறீர்கள். மெயிலில் 9,600 போட்ட பழைய கோப்பே தொங்கிக்கொண்டிருக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். பிறகு ஃபோல்டரில் இருப்பதைத் திறக்காமல், மெயிலில் தொங்குகிற அந்தப் பெயரையே அழுத்தித் திறந்து பாருங்கள்.

ஈரப்பத அறிக்கை எந்த அறுவடைக்கு எடுத்தது?

பாசிக்கூடம்_மண்டபம்:
பார்த்தேன் அண்ணே. போன அறுவடையுடையது. இந்த அறுவடைக்கு அறிக்கை இன்னும் வரவில்லை.

கணக்கர்_ராம்நாடு:
அதை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் "முந்தைய அறுவடையின் அறிக்கை, இந்த அறுவடையுடையது வந்ததும் அனுப்புகிறோம்" என்று மெயிலில் சொல்லணும். சொல்லாமல் வைத்தால் அவர் தேதியைப் பார்த்துச் சந்தேகப்படுவார். அப்புறம் மொத்த எண்களையும் சந்தேகப்படுவார்.

தொண்டிப்பையன்:
இணைக்க மறந்தால் ஜிமெயிலே கேட்குமே, "இணைப்பு வைக்க மறந்துவிட்டீர்களா" என்று. அதை நம்பலாம்தானே?

கீழக்கரை_காக்கா:
மெயிலில் attached மாதிரி வார்த்தை இருந்து, கோப்பு ஒன்றுமே இல்லாவிட்டால் கேட்கும். மூன்று கோப்பு என்று எழுதி இரண்டு வைத்தால் அதற்கு எப்படித் தெரியும்? தப்பான கோப்பு வைத்தாலும் தெரியாது. மெயிலில் எத்தனை கோப்பு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை கீழே தொங்குகிறதா என்று நாம்தான் எண்ணணும்.

தங்கச்சி, முக்கியமான கேள்வி இனிமேல்தான். இதைப் புது மெயிலாக எழுதினீர்களா, ஏற்கனவே வந்த மெயிலுக்கு Reply கொடுத்து எழுதினீர்களா?

பாசிக்கூடம்_மண்டபம்:
Reply தான். வாங்குகிறவர் எங்கள் தலைவி அக்காவுக்கு எழுதியிருந்தார். அக்கா அதைப் பொருளாளருக்கு அனுப்பி, அவர்கள் பதில் போட்டு, அப்புறம் எனக்கு வந்தது. அதிலேயே பதில் எழுதி, வாங்குகிறவர் முகவரியைச் சேர்த்துவிட்டேன்.

கீழக்கரை_காக்கா:
கீழே மூன்று புள்ளி தெரிகிறதா? அழுத்திப் பாருங்கள். பொருளாளர் என்ன எழுதியிருக்கிறார்?

பாசிக்கூடம்_மண்டபம்:
"70 சொல்லு, பேசினால் 62 வரை இறங்கலாம்" என்று இருக்கிறது.

வடக்குக்கடல்:
அம்மாடி! 62க்குத்தான் கேட்பார், அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டார்.

கீழக்கரை_காக்கா:
நல்லவேளை, இன்னும் போகவில்லை. அந்த மூன்று புள்ளிக்குள் இருப்பது அத்தனையும் மெயிலோடு சேர்ந்து போகும். எழுதும்போது சுருங்கிக் கிடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. புது ஆள் ஒருவரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதை விரித்து, அடிவரை இறங்கிப் படிக்கணும். இந்த மெயிலுக்கு Reply-யே வேண்டாம். Compose அழுத்திப் புதிதாகத் தொடங்குங்கள், வாசகத்தை மட்டும் ஒட்டுங்கள். Reply-இல் பழைய இணைப்புகள் சேர்ந்து வராது, ஆனால் Forward-இல் வரும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

To பெட்டியைக் காலியாகவே விடுங்கள். மற்ற எல்லாம் முடிந்த பிறகுதான் முகவரி. முகவரி இல்லாத மெயில் கை தவறி அழுத்தினாலும் போகாது. Undo Send-ஐவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

தொண்டிப்பையன்:
எங்கள் ஆபீசில் அவுட்லுக். அதில் Recall இருக்கிறது, அது நிஜமாகவே திரும்ப எடுக்கும்.

கீழக்கரை_காக்கா:
ஒரே கம்பெனிக்குள் எல்லாரும் மைக்ரோசாஃப்ட் மெயிலில் இருந்தால் வேலை செய்யலாம். வெளி ஆளுடைய ஜிமெயிலுக்குப் போனதை அது எடுக்காது. எடுக்க முயன்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தால், இன்னும் ஆர்வமாகத் திறந்து பார்ப்பார்கள்.

தேவிபட்டினம்_டீச்சர்:
நான் பாசியும் வளர்த்ததில்லை, கப்பலும் பார்த்ததில்லை. பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். மெயிலின் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை.

"உடனடியாக முன்பணம் அனுப்பவும். தாமதித்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்." ஆங்கிலத்தில் இது இன்னும் கடுமையாக விழும். நம் ஊரில் நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் பேரம். மெயிலில் சிரிப்புத் தெரியாது, மிரட்டல்தான் தெரியும். அதுவும் இது முதல் மெயில். அவர் இன்னும் வாங்குகிறேன் என்றே சொல்லவில்லை, விலைதான் கேட்டிருக்கிறார்.

அப்புறம் "மதிப்புக்குரிய ஐயா". மூன்று பேரும் ஆண்கள் என்று உறுதியாகத் தெரியுமா?

பாசிக்கூடம்_மண்டபம்:
இரண்டு பேரிடம் போனில் பேசியிருக்கிறோம், ஆண்கள்தான். வெளிநாட்டுக்காரர் மெயில் மட்டும். பெயரைப் பார்த்தால் தெரியவில்லை டீச்சர். வியட்நாம்.

கீழக்கரை_காக்கா:
வியட்நாம் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், கூப்பிடுகிற பெயர் கடைசியில். நம் ஆட்கள் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு "மிஸ்டர் நுயென்" என்று எழுதுவார்கள். அங்கே பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தானோ என்று தோன்றும், அவ்வளவு சாதாரணமான குடும்பப் பெயர். அவர் மெயில் அடியில் எப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ, அதை அப்படியே காப்பி எடுத்து, முழுப் பெயராகப் போடுங்கள். மிஸ்டரும் வேண்டாம், மேடமும் வேண்டாம். உச்சரிப்பைக் கேட்டு நாமே எழுத்துக்கூட்டுவதும் வேண்டாம். எங்கள் ஊரில் ஒரே பாத்திமா பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், ஒருத்தி பெயரை இன்னொருத்தி மாதிரி எழுதினால் முகம் சுளிப்பாள்.

தேவிபட்டினம்_டீச்சர்:
நம்மவர்களுக்கும் அப்படித்தான். முன்னெழுத்தைப் பெயராக எடுத்து "மிஸ்டர் கே" என்று எழுதுகிற மெயில் எனக்கே வருகிறது, நான் பெண்!

அந்த இரண்டு வரிக்குப் பதில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இந்த விலை இந்த மாதம் 25ஆம் தேதி வரை. வாங்க விருப்பம் இருந்தால் அதற்குள் தெரிவித்தால், பாசியை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறோம். முன்பண விவரம் அதன் பிறகு அனுப்புகிறோம்." அவசரம் இதிலும் இருக்கிறது. ஆனால் தேதி அதைச் சொல்கிறது.

தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். 5/6 என்று போட்டால் ஜூன் 5 என்று படிப்பவரும் உண்டு, மே 6 என்று படிப்பவரும் உண்டு.

வடக்குக்கடல்:
டீச்சர் சொல்வது மரியாதையாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. தேதி சொன்னால் கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் இழுப்பார்கள். காய்ந்த பாசியைக் கொட்டகையில் வைத்துக் காப்பது யார்? மழை ஈரம் ஏறினால் எங்களுக்குத்தான் விலை குறையும். "வேறு ஆளும் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்வதில் என்ன தப்பு? அது உண்மைதானே.

தேவிபட்டினம்_டீச்சர்:
உண்மை என்றால் சொல்லுங்கள். "வேறு இருவரும் விலை கேட்டிருக்கிறார்கள்" என்பது செய்தி. "கொடுத்துவிடுவோம்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வடக்குக்கடல்:
செய்தி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தேதியை 25 என்று தள்ளாதீர்கள்.

பாசிக்கூடம்_மண்டபம்:
தேதியைச் செயலாளர் அக்காவிடம் கேட்டுப் போடுகிறேன். மூன்று பேருக்கும் ஒரே மெயிலில் Bcc போட்டு அனுப்பிவிடலாமா? ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாதே.

கணக்கர்_ராம்நாடு:
போடலாம். நேரம் மிச்சம். ஒரே வாசகம், ஒரே எண், எழுத்து மாறாது.

கீழக்கரை_காக்கா:
நான் போடமாட்டேன். பெயர் எழுத முடியாது, பொதுவாக "வணக்கம்" என்றுதான் தொடங்க முடியும். பொத்தாம்பொதுவாக ஊருக்கெல்லாம் போட்ட மெயில் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரருக்கு விலை, போக்குவரத்து எல்லாம் வேறாக இருக்கும் அல்லவா? மூன்று தனி மெயில்தான் என் வழக்கம்.

கணக்கர்_ராம்நாடு:
தனி மெயில் என்றால் அதற்கென்று ஒரு ஆபத்து இருக்கிறது காக்கா. முதல் மெயிலைக் காப்பி எடுத்து இரண்டாவதற்கு ஒட்டுவார். மேலே பெயர் மாறும், நடுவில் ஓரிடத்தில் முதல் ஆள் பெயர் நிற்கும். பிடிஎஃபுக்குள் "பெறுநர்" இடத்திலும் நிற்கும், கோப்பின் பெயரிலும் நிற்கும்.

கீழக்கரை_காக்கா:
அதற்கு Ctrl+F. இரண்டாவது மெயில் எழுதியதும் முதல் ஆள் பெயரைத் தேடணும். ஒன்றும் கிடைக்கக் கூடாது. பிடிஎஃபிலும் அதே தேடல். முகவரி வைக்கும்போது முதல் மூன்று எழுத்து அடித்ததும் ஜிமெயில் காட்டுகிற பெயரை அழுத்திவிடாதீர்கள். முருகன் என்று நாலு பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. சுட்டியை அதன்மேல் வைத்து, @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள்.

கணக்கர்_ராம்நாடு:
நான் இன்னும் Bcc பக்கம்தான். உங்களுக்கு வேலையே அது, இந்தப் பிள்ளைக்கு இன்று ஒருநாள் வேலை.

பாசிக்கூடம்_மண்டபம்:
இந்தியாவில் உள்ள இரண்டு பேருக்கும் விலை ஒன்றுதான், வியட்நாமுக்கு வேறு. அதனால் மூன்றும் தனியாகவே அனுப்புகிறேன். வங்கிக் கணக்கு எண்ணையும் இப்போதே போட்டுவிடவா? முன்பணம் பற்றி எழுதினேனே.

கணக்கர்_ராம்நாடு:
இப்போது வேண்டாம். டீச்சர் சொன்னபடி அது அடுத்த கடிதம். அப்போது போடும்போது ஐஎஃப்எஸ்சி எண்ணில் 11 எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதல் நாலும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் O எழுத்தை அடித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். கணக்கு எண்ணைப் பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க, ஒருவர் திரையைப் பார்க்கணும். அதுவும் பின்னாலிருந்து முன்னால் படித்தால், இருக்க வேண்டியதை மனசு படிக்காது, இருப்பதைப் படிக்கும்.

பாசிக்கூடம்_மண்டபம்:
சரி அண்ணே. இப்போது இருக்கிறபடி மெயில்:

"(முழுப் பெயர்) அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட விலை விவரம் கீழே. இந்த அறுவடையில் காய்ந்த பாசி சுமார் 720 கிலோ கிடைக்கும். கிலோ 70 ரூபாய், மொத்தம் சுமார் ரூ. 50,400. இரண்டு கோப்புகள் இணைத்திருக்கிறோம்: விலைப்பட்டியல், படங்களோடு முந்தைய அறுவடையின் ஈரப்பத அறிக்கை. இந்த அறுவடையின் அறிக்கை வந்ததும் அனுப்புகிறோம். இன்னும் சிலரும் விலை கேட்டிருக்கிறார்கள். விருப்பம் இருந்தால் (தேதி)க்குள் தெரிவித்தால் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறோம்."

அக்கா இப்போது நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், போன அறுவடையில் மிதவைக்கு 240 வரவில்லை, சராசரி 210தானாம்.

வடக்குக்கடல்:
நான் சொன்னேனா இல்லையா? 210இல் விதைக்கு 60 போனால் 150. நாற்பதுக்கு 6,000. காய்ந்தால் 600 கிலோ, 42,000 ரூபாய். எக்செல், பிடிஎஃப், மெயில் மூன்றிலும் மாற்றுங்கள்.

கணக்கர்_ராம்நாடு:
மாற்றிவிட்டு 720, 50,400 இரண்டையும் Ctrl+F போட்டுத் தேடுங்கள். ஓரிடத்தில் பழசு மிச்சம் இருக்கும்.

பாசிக்கூடம்_மண்டபம்:
இருந்தது அண்ணே, சப்ஜெக்ட் வரியில்! "720 கிலோ" என்று போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். அக்கா படித்து முடித்ததும் To பெட்டியில் முகவரி வைக்கிறேன்.

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு:
காக்கா, Sent பெட்டியில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி லிங்க்தான் இருக்கிறது. இதை இப்போ என்ன செய்யணும்?

கீழக்கரை_காக்கா:
அண்ணே, அந்த லிங்க்கில் Share போய், அந்த அலுவலக மெயில் முகவரியை மட்டும் சேர்த்து Viewer என்று கொடுக்கலாம். லிங்க் வைத்திருக்கிற எல்லாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆதாரும் பாஸ் புத்தகமும் உள்ளே இருக்கிறது. அதைவிட, படங்களைச் சிறிதாக்கி ஒரே பிடிஎஃப் ஆக்கி, பழைய மெயில் அனுப்பிய தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு மெயில் போடுவது நல்லது. அரசு ஆபீஸ் மெயில் முகவரி பல நேரம் கூகிள் கணக்கு இல்லை, அவர்களுக்கு லிங்க் திறப்பதே தொல்லை.

தங்கச்சிமடம்_நாட்டுப்படகு:
பிடிஎஃப் ஆக்க பையன் வந்தால்தான் முடியும். சரி, ஆக்கிவிட்டு இங்கேயே காட்டுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை_காக்கா:
ஆதாரை இங்கே காட்டிவிடாதீர்கள் அண்ணே! மெயில் வாசகத்தை மட்டும் போடுங்கள்.